சுருள்வில்லின் சமன்பாட்டையும் அதன் வரைபடத்தையும் ஒரே தாளில் இணைப்பது எப்படி?

செந்தூலில் வார இறுதி டியூஷன் வகுப்புக்காக நான் எழுதிய முதல் குறிப்புத்தாளில் அலைவுகளின் சமன்பாடு முதல் பக்கத்திலும் வரைபடம் மூன்றாம் பக்கத்திலும் இருந்தன. இரண்டையும் ஒட்டவைக்க ஒரு வரிகூட நான் எழுதவில்லை. ஆறாம் படிவ மாணவி ஒருத்தி வரைபடத்தில் இரண்டு முகடுகளுக்கு இடைப்பட்ட தூரத்தைக் கவனமாக அளந்து, "அலைநீளம் 0.63 மீட்டர்" என்று எழுதிக்கொடுத்தாள். அவள்மீது குற்றமில்லை. நான் கொடுத்த படம் கடல் அலையைப் போலவே இருந்தது. கிடை அச்சில் "நேரம்" என்று எழுதியிருந்தும் அவள் கண்ணுக்குத் தெரிந்தது அலைதான்.

இப்படிப்பட்ட தாளை முதன்முறையாகத் தயாரிக்க இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் மாணவர்கள் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளியில் மலாய்ச் சொற்களுக்கு மாறியவர்கள். இடப்பெயர்ச்சியை "செசாரான்" என்றும் வீச்சை "அம்ப்லித்துட்" என்றும் கேட்டுப் பழகியவர்கள். அதனால் தாளின் ஓரத்தில் இரண்டு மொழிச் சொற்களையும் போட்டுவிடுங்கள். அது ஐந்து நிமிட வேலை. சமன்பாட்டில் இருக்கும் ஒவ்வோர் எழுத்தும் படத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று காட்டுவதற்குத்தான் நேரம் பிடிக்கும்.

முதலில் ஓர் உண்மையான சுருள்வில்லைத் தேர்ந்தெடுங்கள்

A, ω, φ என்று எழுத்துகளாலேயே தொடங்கும் தாள் மாணவனின் கையில் எதையும் கொடுப்பதில்லை. எண்களோடு தொடங்குங்கள். நான் பயன்படுத்தும் எடுத்துக்காட்டு இது. தாங்கியில் சுருள்வில்லைத் தொங்கவிட்டு அதன் கீழ்நுனி இருக்கும் இடத்தை அளவுகோலில் குறித்துக்கொள்கிறேன். பிறகு ஆய்வுக்கூடத்தில் இருக்கும் 50 கிராம் எடைகளில் நான்கை மாட்டுகிறேன். நுனி 9.8 செ.மீ. கீழே இறங்குகிறது. எடை 0.200 × 9.81 = 1.96 நியூட்டன். அதை 0.098 மீட்டரால் வகுத்தால் சுருள்வில் மாறிலி k, மீட்டருக்கு 20 நியூட்டன் என்று கிடைக்கிறது. நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு என்று ராபர்ட் ஹூக் 1678இல் விளக்கி வெளியிட்ட விதிதான் இது.

இந்த எண்களை வேண்டுமென்றேதான் பொறுக்கினேன். k/m என்பது 20/0.2, அதாவது 100. அதன் வர்க்கமூலம் 10. ஆகவே ω வினாடிக்கு 10 ரேடியன். ஓர் அலைவுக்கான நேரம் 2π/10, அதாவது 0.628 வினாடி. கணக்கு எளிதாக இருந்தால் மாணவனின் கவனம் படத்தின்மேல் இருக்கும்.

இங்கேயே ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். வரைபடத்தில் x = 0 என்ற கோடு எடை தொங்கும்போது அது அசையாமல் நிற்கும் இடத்தைக் குறிக்கிறது. வெறும் சுருள்வில்லின் நுனி இருந்த இடம் அதற்கு 9.8 செ.மீ. மேலே இருக்கிறது. புவியீர்ப்பு ஏன் சமன்பாட்டில் இல்லை என்று நல்ல மாணவர்கள் கேட்பார்கள். எடையைத் தாங்குவதற்கான நீட்சியை அந்தப் புதிய சமநிலை ஏற்கெனவே உள்ளடக்கிவிட்டது. அங்கிருந்து அளந்தால் மிச்சமாவது −kx மட்டுமே. இதைச் சொல்லாமல் விட்டால் வகுப்பில் பாதிப்பேர் 9.8 செ.மீ. என்பதையே வீச்சு என்று எழுதுவார்கள்.

படத்தை எங்கே வைப்பது

சுருள்வில்லும் எடையும் உள்ள படத்தை வரைபடத்தின் இடப்பக்கம், அதே உயரத்தில் வரையுங்கள். சமநிலையிலிருந்து மேல்நோக்கிய திசை நேர்க்குறி என்று அம்புக்குறியால் காட்டுங்கள். பிறகு +5, 0, −5 செ.மீ. ஆகிய மூன்று உயரங்களிலும் படத்திலிருந்து வரைபடத்துக்குள் கிடையாகப் புள்ளிக்கோடுகளை ஓடவிடுங்கள். எடை மேலும் கீழும் போகிறது, வரைகோடும் மேலும் கீழும் போகிறது. கிடையாக நகர்வது கடிகாரம் மட்டுமே. இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு "அலைநீளம்" என்று எழுதுபவர்கள் என் வகுப்பில் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள்.

மேசைமேல் கிடையாக நகரும் சுருள்வில்லைத்தான் பலரும் வரைகிறார்கள். அதைத் தவிருங்கள் என்பது என் கருத்து. அங்கே பொருண்மை இடவலமாக ஓட, வரைகோடு மேல்கீழாக ஓடும். மாணவன் மனத்துக்குள் படத்தைத் தொண்ணூறு பாகை திருப்ப வேண்டியிருக்கும். முதல் நாளே அந்தச் சுமை எதற்கு?

விசைச் சமன்பாட்டை வளைவில் காட்டுதல்

அனேகமாக எல்லாத் தாள்களும் சறுக்குவது இந்த இடத்தில்தான். முதலில் ma = −kx என்று எழுதுவார்கள். அடுத்த வரியில் "இதன் தீர்வு" என்று சொல்லி கொசைனைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். மாணவன் தலையாட்டுவான், ஆனால் இரண்டு வரிகளுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது. வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்கத் தெரியாதவனுக்கும் வரைபடத்தின் மூலம் அந்த இணைப்பைக் காட்டிவிடலாம்.

இடப்பெயர்ச்சி-நேர வரைபடத்தில் சாய்வு திசைவேகத்தைக் காட்டுகிறது. சாய்வு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பது, அதாவது கோடு எவ்வளவு வளைகிறது என்பது, முடுக்கத்தைக் காட்டுகிறது. நம் எண்களைப் போட்டால் a = −100x. கோடு நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு பலமாக நடுக்கோட்டை நோக்கி வளைய வேண்டும் என்று இது சொல்கிறது. உச்சியில் வளைவு மிக அதிகம். நடுக்கோட்டைக் கடக்கும் கணத்தில் வளைவே இல்லை, அங்கே கோடு ஏறக்குறைய நேராகப் போகும். மாணவனை அளவுகோலை வரைபடத்தின்மேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நடுக்கோட்டருகே அளவுகோல் கோட்டோடு ஒட்டி நிற்கும். உச்சியில் ஒட்டவே ஒட்டாது.

அடுத்து எண்ணால் சோதிக்கச் சொல்லுங்கள். எடையை 5 செ.மீ. இழுத்து விட்டிருக்கிறோம் என்று கொள்வோம். உச்சியில் x = 5 செ.மீ., எனவே முடுக்கம் கீழ்நோக்கி வினாடி வர்க்கத்துக்கு 500 செ.மீ. உச்சியில் எடை ஒரு கணம் ஓய்வில் இருப்பதால், அங்கிருந்து 0.05 வினாடியில் அது இறங்கும் தூரம் ½ × 500 × 0.0025, ஏறக்குறைய 0.63 செ.மீ. வரைபடத்தில் உச்சிக்கு 0.05 வினாடி தள்ளி அளந்து பார்த்தால் 0.61 செ.மீ. இறங்கியிருக்கும். அந்தச் சிறு வித்தியாசம் எங்கிருந்து வந்தது? எடை இறங்க இறங்க x குறைகிறது, அதனால் முடுக்கமும் குறைகிறது. நாமோ 500 மாறாமல் இருக்கும் என்று வைத்துக் கணக்கிட்டோம். இந்தச் சோதனையை ஒருமுறை செய்துவிட்ட மாணவனுக்குக் கொசைன் வானத்திலிருந்து விழுந்ததாகத் தோன்றாது.

தொடக்கக் கட்டம்: கடிகாரத்தை எப்போது அழுத்தினோம்?

தீர்வை இனிமேல் எழுதலாம்.

```
x = A cos(ωt + φ)
```

A படத்தின் உயரத்தில் இருக்கிறது, ω அகலத்தில் இருக்கிறது. இந்த இரண்டிலும் மாணவர்கள் அதிகம் தடுமாறுவதில்லை. ω-வுக்குள் A இல்லை என்பதைக் காட்ட மட்டும் 5 செ.மீ. வீச்சுக்கு ஒரு கோடும் 2.5 செ.மீ. வீச்சுக்கு ஒரு கோடும் ஒரே அச்சில் போடுங்கள். இரண்டும் நடுக்கோட்டை ஒரே நேரங்களில் கடக்கும். φ மட்டும் தனி ரகம். அது சுருள்வில்லைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. நாம் எந்தக் கணத்தில் கடிகாரத்தை அழுத்தினோம் என்பதைத்தான் சொல்கிறது.

ஒரே அலைவை இரண்டு பேர் அளப்பதாகச் சொல்லிப் பாருங்கள். எடையை 5 செ.மீ. கீழே இழுத்துவிடும் கணத்திலேயே முதலாமவர் அழுத்துகிறார். அவருக்கு x = −5 cos 10t. இரண்டாமவர், எடை மேலேறும்போது +3 செ.மீ. குறியைக் கடக்கும் கணத்தில் அழுத்துகிறார். அது முதலாமவர் அழுத்தி 0.221 வினாடி கழிந்த பிறகு. அந்த உயரத்தில் எடையின் திசைவேகம் ω√(A² − x²), அதாவது 10 × √(25 − 9) = 40, மேல்நோக்கி வினாடிக்கு 40 செ.மீ.

இரண்டாமவரின் φ என்ன? t = 0 என்று போட்டால் 5 cos φ = 3. மாணவன் கால்குலேட்டரில் cos⁻¹(0.6) என்று அழுத்துவான். 0.927 என்று வரும். அதை அப்படியே எழுதிவிடுவான். அது தவறு. கொசைன் மதிப்பு 0.6 ஆக இருக்கும் கோணங்கள் ஒரு சுற்றில் இரண்டு உள்ளன. கால்குலேட்டர் அவற்றில் ஒன்றை மட்டுமே காட்டுகிறது. திசைவேகத்தையும் கேட்டாக வேண்டும். v = −Aω sin φ, அது +40 ஆக இருக்க வேண்டுமானால் sin φ = −0.8. ஆகவே φ = −0.927.

```
x = 5 cos(10t − 0.927)
```

இந்தப் பிழையைப் பிடிக்கக் கணக்கு தேவையில்லை, பென்சில் போதும். வரைபடத்தில் t = 0 இருக்கும் இடத்தில் பென்சில் முனையை வைத்து, வலப்பக்கம் மிகக் கொஞ்சம் நகர்த்துங்கள். பென்சில் ஏறினால் எடையும் ஏறுகிறது. +0.927 என்று போட்டவனின் கோடு 3இல் தொடங்கி இறங்கும், 0.064 வினாடியிலேயே நடுக்கோட்டைக் கடந்துவிடும். கேள்வியில் "மேல்நோக்கி" என்று இருக்கும்போது வரைபடம் கீழே போகிறதே என்று அவனே சொல்லிவிடுவான்.

சிலர் tan φ = −v₀/(ωx₀) என்ற குறுக்குவழியைத் தாளில் போடுகிறார்கள். நம் எடுத்துக்காட்டில் அது சரியான விடையையே தரும். ஆனால் எடை −3 செ.மீ.இல் இருந்து கீழ்நோக்கி 40 செ.மீ. வேகத்தில் போனாலும் கால்குலேட்டர் அதே −0.927ஐத்தான் காட்டும். அங்கே சரியான விடை 2.214. குறுக்குவழியைப் போடத்தான் வேண்டுமென்றால் பென்சில் சோதனையையும் பக்கத்திலேயே போடுங்கள்.

இதைக் காட்ட நான் தாளோடு ஒரு துண்டுக் காகிதத்தையும் கொடுப்பதுண்டு. மூன்று அலைவுகள் கொண்ட நீளமான கோடு ஒன்று தாளில் இருக்கும், நிலை அச்சு இருக்காது. அந்த அச்சு துண்டுக் காகிதத்தின் விளிம்பில் வரையப்பட்டிருக்கும். மாணவன் துண்டை நகர்த்திக்கொண்டே போய், கோடு 3ஐ ஏறுமுகமாகத் தொடும் இடத்தில் நிறுத்துவான். அங்கிருந்து அடுத்த உச்சிக்கு 0.093 வினாடி. 0.927ஐ 10ஆல் வகுத்த விடை அதுதான். "சார், கோடு மாறவே இல்லை, அச்சுதான் நகர்கிறது" என்று ஒரு பையன் சொன்னான். அடுத்த பதிப்பில் அந்த வாக்கியத்தையே தலைப்பாக வைத்துக்கொண்டேன்.

கோட்டை வரைதல்

கையால் வரைவதென்றால் ஆறு புள்ளிகள் போதும். தொடக்கத்தில் 3 செ.மீ.; 0.093 வினாடியில் உச்சி, 0.250இல் நடுக்கோடு, இறங்குமுகம், 0.407இல் அடி, 0.564இல் மறுபடி நடுக்கோடு, ஏறுமுகம், 0.628இல் மீண்டும் 3 செ.மீ. உச்சிகளைக் கூர்மையாக வரையாதீர்கள். கூரிய முனையில் சாய்வு திடீரென்று மாறும். அப்படி நடக்க அளவற்ற விசை வேண்டும்.

விரிதாளில் வரைபவர்கள் முதல் நிரலில் நேரத்தை 0.02 வினாடி இடைவெளியில் இட்டு, இரண்டாம் நிரலில் இதைப் போடலாம்.

```
=5*COS(10*A2-0.927)
```

விரிதாள் கோணத்தை ரேடியனாகவே எடுத்துக்கொள்ளும், அங்கே சிக்கல் இல்லை. ஆனால் கோட்டு விளக்கப்படம் என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் அது நேரத்தை எண்ணாகக் கருதாமல் வெறும் பெயர்களாக அடுக்கிவிடும். நேர இடைவெளிகள் சமமாக இல்லாவிட்டால் கோடு கோணிப்போகும். சிதறல் விளக்கப்படம் என்ற வகையையே எடுங்கள். இடைவெளியை 0.1 வினாடி என்று பெரிதாக வைத்தால் ஓர் அலைவுக்கு ஆறு புள்ளிகள்தான் கிடைக்கும். உச்சி எங்கே என்று மென்பொருள் ஊகித்து வளைத்துவிடும்.

கால்குலேட்டர் பாகையில் இருக்கிறதா என்பதற்கும் ஓர் எளிய அடையாளம் உண்டு. மாணவன் அரை வினாடி வரை மதிப்புகளைக் கணக்கிட்டும் எல்லாமே 5ஐ ஒட்டியே நின்றால் அது பாகைதான். பாகையில் cos 1 என்பது 0.9998, ரேடியனில் 0.54.

போட்டோகாப்பி கடையை மறக்காதீர்கள். சிவப்பும் நீலமுமாக நான் வரைந்த இரண்டு கோடுகளும் கறுப்பு வெள்ளைப் பிரதியில் ஒரே சாம்பல் நிறமாக வந்தன. ஒன்றை முழுக்கோடாகவும் மற்றொன்றை விட்டுவிட்டும் வரைந்துவிட்டால் எந்தக் கடையிலும் தப்பிக்கலாம்.

திரும்பி வரும் பாதை

சமன்பாட்டிலிருந்து வரைபடத்துக்குப் போன மாணவன் வரைபடத்திலிருந்து சமன்பாட்டுக்குத் திரும்பவும் வேண்டும். தாளின் கடைசியில் எண்ணிடப்பட்ட அச்சுகளோடு ஒரு வரைபடத்தை மட்டும் கொடுத்து k-ஐக் கேளுங்கள். வீச்சுக்கு, மேல் உச்சிக்கும் அடிக்கும் இடைப்பட்ட 10 செ.மீ.ஐப் பாதியாக்கச் சொல்லுங்கள். நடுக்கோடு சற்றுத் தவறாக வரையப்பட்டிருந்தாலும் இந்த விடை கெடாது.

நேரத்தை உச்சியில் அளக்கவே கூடாது. உச்சியிலிருந்து 0.02 வினாடி தள்ளிப்போனாலும் கோடு 1 மி.மீ.தான் இறங்கும். உச்சி எந்தக் கணத்தில் என்று கண்ணால் சொல்ல முடியாது. நடுக்கோட்டில் அதே 0.02 வினாடியில் கோடு ஏறத்தாழ 1 செ.மீ. நகர்ந்துவிடும், எனவே கடக்கும் கணத்தைத் துல்லியமாகப் படிக்கலாம். ஏறுமுகக் கடப்பிலிருந்து அடுத்த ஏறுமுகக் கடப்பு வரை அளக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு கடப்புகளை எடுத்தால் பாதி அலைவுதான் கிடைக்கும். அப்போது 0.314 வினாடி என்று வரும், ω 20 ஆகிவிடும், k 80 ஆகிவிடும். இருபது இருக்க வேண்டிய இடத்தில் எண்பதைக் கண்டால், சரியாக நான்கு மடங்கு என்றால், பிழை இதுதான் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

எடையை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. 9.8 செ.மீ.க்கு மேல் இழுத்துவிட்டால், எடை மேலே வரும்போது சுருள்வில் தன் இயல்பான நீளத்துக்கே சுருங்கிவிடும். அதற்கு அப்பால் சுருள்கள் ஒன்றையொன்று முட்டும் அல்லது எடை கொக்கியில் குதிக்கும். வரைபடம் கொசைனாக இருக்காது. 5 செ.மீ. என்பது பத்திரமான அளவு.

கடைசியாக, உண்மையான சுருள்வில்லோடு இந்தத் தாளைச் சோதித்துப் பார்க்கும்போது கடிகாரம் முரண்டுபிடிக்கும். பத்து அலைவுகளுக்கு 6.28 வினாடி வர வேண்டும். என் சுருள்வில்லில் 6.6 வந்தது. கை தாமதம் என்று முதலில் நினைத்தேன். திரும்பத் திரும்ப அதே எண் வந்தபோதுதான் சுருள்வில்லையே தராசில் வைத்தேன். 60 கிராம். எடையோடு சேர்ந்து சுருள்வில்லும் ஆடுகிறது. மேல் நுனி அசைவதில்லை, கீழ் நுனி முழுதாக அசைகிறது. மொத்தத்தில் அதன் பொருண்மையில் மூன்றில் ஒரு பங்கு ஆடுவதாகக் கொள்ளலாம். அதாவது 20 கிராம். m-க்கு 0.220 கிலோகிராம் என்று போட்டால் ஓர் அலைவுக்கு 0.659 வினாடி, பத்துக்கு 6.59. k-இன் மதிப்பு இதனால் மாறவில்லை, ஏனென்றால் வெறும் சுருள்வில் தொங்கும் இடத்திலிருந்துதான் 9.8 செ.மீ.ஐ அளந்தோம். என் தாளில் இப்போது இரண்டு கோடுகளும் இருக்கின்றன. முழுக்கோடு எடையற்ற சுருள்வில்லுக்கு, விட்டுவிட்டு வரைந்த கோடு 60 கிராம் சுருள்வில்லுக்கு. முதல் அலைவில் இரண்டும் ஒட்டியே போகின்றன. பத்தாவது அலைவில் பாதி அலைவு அளவுக்கு விலகி, ஒன்று முகட்டில் இருக்கும்போது மற்றொன்று அடியில் இருக்கிறது.